7 நாளா, 21 நாளா? தடுப்பு மாத்திரையின் கணக்கு

எச்.ஐ.வி. தொற்று இல்லாத ஒருவர், தொற்று நேரக்கூடிய சூழல் தம் வாழ்க்கையில் இருப்பதை அறிந்து, அது நேர்வதற்கு முன்பிருந்தே நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரையை மருத்துவத் துறையினர் ‘பிரெப்’ என்று அழைக்கிறார்கள். டெனோபோவிர் 300 மில்லிகிராமும் எம்ட்ரிசிடபைன் 200 மில்லிகிராமும் சேர்ந்த இந்த ஒற்றை மாத்திரை, நோயாளிகளுக்கான கூட்டு மருந்து சிகிச்சையில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததுதான். தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பாக இதைக் கொடுக்க அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012 ஜூலையில் ஒப்புதல் அளித்த பிறகு, பல நாடுகள் தத்தம் பொது சுகாதாரத் திட்டங்களில் இதைச் சேர்த்துக்கொண்டன. மாத்திரை வேலை செய்கிறது என்பதில் இன்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், தொடங்கிய எத்தனையாவது நாளிலிருந்து அதை நம்பலாம், இடையில் சில நாள்கள் விட்டுப்போனால் நம்பிக்கையில் எவ்வளவு குறையும் என்ற இரு கேள்விகளுக்கும் ஒரு பயனாளர் கேட்கும் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள், ஆசனவாய்வழிப் புணர்ச்சியில் ஏற்பவருக்கு ஏறத்தாழ 7 நாள்களிலும், யோனிவழிப் புணர்ச்சியில் ஏற்கும் பெண்ணுக்கும் ஊசிவழிப் போதைப்பொருள் பயன்படுத்துபவருக்கும் 21 நாள்களிலும் முழுப் பாதுகாப்பு அமைவதாகச் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனமோ 2022-இல் வெளியிட்ட வழிகாட்டலில் பெண்களுக்கும் 7 நாள் போதும் என்கிறது. அத்துடன், பெண்மைக்கான ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொள்ளாத, ஆணாகப் பிறந்தவர்கள் உடலுறவுக்கு 2 மணி நேரத்திற்குக் குறையாமலும் 24 மணி நேரத்திற்கு மிகாமலும் முன்னதாக இரு மாத்திரைகளை ஒன்றாக எடுத்துத் தொடங்கலாம் என்றும் சொல்கிறது. ஒரே மாத்திரைக்கு ஒரு நாள், 7 நாள், 21 நாள் என்று மூன்று கணக்குகள் இருப்பது சாதாரண வாசகருக்கு அறிவியலே தடுமாறுவதைப்போலத் தோன்றலாம். உண்மையில் இந்த எண்கள் ஒன்றோடொன்று மோதுபவை அல்ல. ஒவ்வொன்றும் உடலின் வேறொரு பகுதியை அளந்து, வேறொரு அளவு எச்சரிக்கையுடன் சொல்லப்பட்டது என்பதும், அந்த அடிப்படையை விளக்காமல் எண்ணை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதுதான் குழப்பத்திற்குக் காரணம் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

மாத்திரை விழுங்கப்பட்டு இரத்தத்தில் கலந்த நிலையில் டெனோபோவிர் இன்னும் செயல்படும் மருந்தாகிவிடவில்லை. அது உயிரணுவுக்குள் நுழைந்த பிறகு, அங்குள்ள நொதிகள் அதன்மேல் இரண்டு பாஸ்பேட் தொகுதிகளை ஏற்றி டெனோபோவிர் டைபாஸ்பேட் என்ற வடிவத்திற்குக் கொண்டுவருகின்றன. எம்ட்ரிசிடபைன் இதேபோல் மூன்று பாஸ்பேட்டுகளை ஏற்றுக்கொள்கிறது. எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவில் சுமந்து வரும் வைரஸ் என்பதால், மனித உயிரணுவில் தங்குவதற்கு அதை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதியாக வேண்டும். தலைகீழ் படியெடுப்பு நொதி என்னும் வைரஸின் சொந்த நொதி இந்த வேலையைச் செய்கிறது. இரு மருந்துகளும் டி.என்.ஏ.வின் இயல்பான கண்ணிகளைப்போலவே தோற்றமளித்து அந்த நொதியை ஏமாற்றிச் சங்கிலிக்குள் புகுந்துவிடுகின்றன. அவற்றில் அடுத்த கண்ணியை மாட்டுவதற்கான கொக்கி இல்லாததால் சங்கிலி அந்த இடத்திலேயே நின்றுபோகிறது. வைரஸ் உயிரணுவுக்குள் நுழைந்தபின் இது உடனே நடந்தாக வேண்டும். ஆகவே தொற்று நேரும் கணத்தில், தொற்று நேரும் திசுவில் உள்ள உயிரணுக்களுக்குள் இந்த வடிவம் போதிய அளவில் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். ‘முன்பிருந்தே’ என்ற நிபந்தனைக்கு அறிவியல் தரும் பொருள் இதுதான்.

‘போதிய அளவு’ எப்போது சேரும் என்பதை அரை ஆயுள் என்ற கருத்தின் துணையுடன் கணக்கிடலாம். ஒரு மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் காலமே அதன் அரை ஆயுள். நாள்தோறும் ஒரே அளவில் எடுத்துவந்தால், ஓர் அரை ஆயுள் காலத்தில் அதன் இறுதி நிலையான அளவில் பாதியும், இரண்டில் முக்கால் பங்கும், மூன்றில் எட்டில் ஏழு பங்கும் சேர்ந்துவிடும். இரத்த நீரில் டெனோபோவிரின் அரை ஆயுள் ஏறத்தாழ 17 மணி நேரம்தான். ஆனால் இரத்த வெள்ளையணுக்களுக்குள் உள்ள டைபாஸ்பேட் வடிவத்திற்கு அது சுமார் நான்கிலிருந்து ஆறு நாள்வரை நீள்கிறது. கணக்கின் எளிமைக்காக அதை ஐந்து நாள் என்று கொண்டால், 7 நாள் மாத்திரை எடுத்தவரிடம் இறுதி அளவில் ஏறத்தாழ 62 விழுக்காடும், 21 நாள் எடுத்தவரிடம் 95 விழுக்காடும் சேர்ந்திருக்கும். பாதுகாப்புக்கு எந்த அளவு போதும் என்று கேட்டவர்கள் 7-ஐயும், அளவு எப்போது இனி ஏறாத நிலையை அடையும் என்று கேட்டவர்கள் 21-ஐயும் வந்தடைந்தார்கள் என்று இதைப் பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம். 21-ஆம் நாளில் திடீரெனத் திறக்கும் கதவு எதுவும் இல்லை. 20-ஆம் நாள் பாதுகாப்பற்றதும் அல்ல, 3-ஆம் நாள் வெறுங்கையும் அல்ல. ஏறும் வளைகோடு ஒன்றின்மீது நிறுவனங்கள் தத்தம் எச்சரிக்கைக்கேற்ற இடங்களில் கோடு கிழித்திருக்கின்றன.

ஆயினும் பெண்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை சொல்லப்பட்டதற்கு வலுவான ஒரு காரணம் உண்டு. ஒற்றை மாத்திரை எடுத்தபின் திசுக்களை அளந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், மலக்குடல் திசுவில் சேர்ந்த டெனோபோவிர் டைபாஸ்பேட்டின் அளவு யோனி, கருப்பை வாய்த் திசுக்களில் சேர்ந்ததைவிட ஏறத்தாழ நூறு மடங்கு இருந்தது. எம்ட்ரிசிடபைன் இதற்கு நேர்மாறாகப் பெண் பிறப்புறுப்புத் திசுவில் பத்து மடங்குக்கும் மேல் அதிகமாகச் சேர்ந்தாலும், இரண்டு நாளுக்குமேல் அங்கே தங்கவில்லை. மேலும், பெண் பிறப்புறுப்புத் திசுவில் மருந்தோடு போட்டியிடும் இயல்பான டி.என்.ஏ. கண்ணிகளும் அதிகம் இருப்பதால், அங்கே நொதியை ஏமாற்ற மருந்தும் அதிகம் தேவைப்படுகிறது. இவற்றையெல்லாம் ஆய்வகத்தில் சேர்த்துக் கணக்கிட்ட வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மலக்குடல் திசுவைக் காக்க வாரம் இரு மாத்திரைகள்கூடப் போதலாம், பெண் பிறப்புறுப்புத் திசுவைக் காக்க வாரம் ஆறு மாத்திரைகளாவது வேண்டும் என்று 2016-இல் எழுதினார்கள். ‘பெண்கள் ஒரு நாளும் தவறக் கூடாது’ என்ற எச்சரிக்கை இத்தகைய கணக்குகளிலிருந்தே வலுப்பெற்றது.

திசுக் கணக்கு ஒருபுறமிருக்க, மனிதர்கள் மாத்திரையை எப்படி எடுத்தார்கள் என்ற கணக்கு மறுபுறம் நிற்கிறது. முதல் பெரிய ஆய்வான ஐபிரெக்ஸ், ஆறு நாடுகளில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களும் திருநங்கைகளுமாக 2,499 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியானது. தொற்று 44 விழுக்காடு குறைந்தது என்ற அதன் முடிவு இன்றும் சில இடங்களில் ‘மாத்திரை பாதிக்கும் குறைவாகவே வேலை செய்யும்’ என்று திரிந்து வழங்குகிறது. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் பலர் அதை எடுக்கவேயில்லை என்பது இரத்தத்தில் மருந்தைத் தேடியபோது தெரியவந்தது. மருந்து காணப்பட்டவர்களிடையே தொற்று அபாயம், காணப்படாதவர்களோடு ஒப்பிட 92 விழுக்காடு குறைந்திருந்தது. பின்னர், ஊழியரின் கண்முன்னே வாரம் 2, 4, 7 மாத்திரைகள் என்று எடுத்துக்கொண்ட தன்னார்வலர்களின் மருந்தளவுகளை ஐபிரெக்ஸ் முடிவுகளோடு பொருத்திப் பார்த்தபோது, ஆசனவாய்வழித் தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு முறையே 76, 96, 99 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டது. வாரம் நான்கு என்ற எல்லைக்கோடு இங்கிருந்துதான் வழிகாட்டல்களுக்குள் வந்தது.

பெண்களிடம் நடந்த ஆய்வுகளின் வரலாறு இவ்வளவு நேரானதல்ல. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 5,029 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ‘வாய்ஸ்’ ஆய்வில் மாத்திரையால் எந்தப் பயனும் தென்படவில்லை. தாங்கள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது மாத்திரைகளை எடுத்துவிட்டதாக அப்பெண்கள் சொன்னார்கள். திருப்பிக் கொடுத்த குப்பிகளில் எஞ்சிய மாத்திரைகளை எண்ணியபோதும் கணக்குச் சரியாகவே இருந்தது. இரத்தப் பரிசோதனையிலோ, மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட மருந்து இல்லை. மாத்திரை வீட்டில் இருந்தால் தங்களுக்கே நோய் என்று அண்டை அயலார் எண்ணிவிடுவார்கள் என்ற அச்சமும், தாங்கள் பெற்றது மருந்தா வெற்று மாத்திரையா என்று தெரியாத ஐயமும் அதற்குக் காரணங்களாக அமைந்தன. இதை அப்பெண்களின் நேர்மைக் குறைவாகப் படிப்பது தவறு. எத்தனை மாத்திரை விட்டுப்போயின என்று கேட்கும் ஊழியரின் முகத்தில் கண்டிப்பு தெரியும்வரை, எந்த நாட்டிலும் எந்த மையத்திலும் ‘ஒன்றும் விடவில்லை’ என்ற விடையே வரும்.

விட்டுப்போன நாள்களின் கணக்கைப் பெண்கள் தொடர்பில் ஓரளவு தெளிவாக்கியது 2024-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியான தொகுப்பாய்வு. பதினொரு திட்டங்களில் மாத்திரை பெற்ற 6,296 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த அதில், நாள்தோறும் தவறாமல் எடுத்தவர்களிடம் ஒரு தொற்றும் ஏற்படவில்லை. வாரம் நான்கிலிருந்து ஆறு மாத்திரை எடுத்தவர்களிடமும் தொற்று மிக அரிதாகவே இருந்தது. குறைவாக எடுத்தவர்களிடம் அது கூடியது. தரவு வந்த நாடுகளில் இந்தியாவும் உண்டு. மைசூரிலும் கொல்கத்தாவின் சோனாகாச்சியிலும் பாலியல் தொழிலாளர்களின் சொந்த அமைப்புகள் முன்னின்று நடத்திய முன்னோடித் திட்டத்தில் 1,300-க்கும் மேற்பட்ட பெண்கள் மாத்திரை எடுத்தார்கள், அவர்களில் எவருக்கும் தொற்று ஏற்படவில்லை. ஆய்வகத் திசுவின் கணக்கு ‘ஆறு’ என்று கேட்க, வாழ்ந்த பெண்களின் கணக்கு ‘நான்கு’ என்று சொல்வதற்கு, திசுவில் சேரும் மருந்தோடு இரத்தத்தில் சுற்றும் மருந்தும் காவலில் பங்கேற்பது ஒரு காரணமாக இருக்கக்கூடும். எவ்வாறாயினும், நாள்தோறும் எடுக்கச் சொல்லி, ஒன்றிரண்டு விட்டுப்போனால் எல்லாம் வீணாகிவிட்டதென்று அஞ்ச வேண்டாம் என்பதையும் கூடவே சொல்வதே நேர்மையான ஆலோசனை.

இக்கணக்குகள் ஒரு வாழ்க்கைக்குள் எப்படி இறங்கிவருகின்றன என்பதைக் காண, கென்யாவின் தலைநகரான நைரோபிக்கு அருகிலுள்ள தீக்கா நகரத்து ஒரு தம்பதியரைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். கணவனுக்குத் தொற்று இருந்து மனைவிக்கு இல்லாத, அல்லது மனைவிக்கு இருந்து கணவனுக்கு இல்லாத 4,758 இணையரைக் கொண்டு கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்து, கூட்டு மாத்திரை 75 விழுக்காடு பாதுகாப்பு அளித்ததாக 2012-இல் வெளியான ஆய்வின் மையங்களில் தீக்காவும் ஒன்று. அதன் தொடர்ச்சியாக, தொற்றுள்ளவருக்குச் சிகிச்சையும் மற்றவருக்குத் தடுப்பு மாத்திரையும் ஒருசேரத் தொடங்கி, சிகிச்சை ஆறு மாதம் நிறைந்து வைரஸ் அடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடும் முறையும் அங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது. மாத்திரை வாழ்நாள் முழுவதற்குமானதல்ல, ஆபத்தான ஓர் இடைக்காலத்தைக் கடப்பதற்கானது என்ற எண்ணம் இம்முறையின் உள்ளே இருக்கிறது.

கணவனுக்குத் தொற்று உறுதியான அன்றே மனைவிக்கும் பரிசோதனை செய்யப்பட்டு, தொற்று இல்லை என்று முடிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாத்திரையைத் தொடங்குமுன் அந்த முடிவை நம்பலாமா என்பதே முதல் கேள்வி. தொற்று நேர்ந்த முதல் சில வாரங்களில் பரிசோதனை அதைக் காட்டாமல் இருக்கக்கூடும், அந்தக் காலத்தைச் சாளரக் காலம் என்கிறார்கள். கடந்த ஒரு மாதத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடலில் தடிப்பு, நெறி கட்டுதல் ஆகியவை இருந்தனவா என்று கேட்பதன் காரணம் இதுதான். உள்ளே தொற்று ஏற்கெனவே இருந்தால், சிகிச்சைக்குப் போதாத இந்த இரு மருந்துகளின் நடுவே வைரஸ் பெருகி, எம்ட்ரிசிடபைனுக்கு அடங்காத வடிவத்தை எடுத்துவிடும். ஐபிரெக்ஸ் ஆய்வில் சேர்ந்த நாளன்றே, பரிசோதனையில் பிடிபடாத தொற்றோடு வந்து, மருந்துள்ள மாத்திரையைப் பெற்ற இருவரிடமும் பின்னர் அத்தகைய வைரஸ் காணப்பட்டது. மாத்திரையை இடையிடையே விடுவதால் உடலில் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகிவிடும் என்ற பரவலான அச்சம் இவ்விடத்தில் திருத்தப்பட வேண்டும். வைரஸ் இல்லாத உடலில் அடங்காமை உருவாக வழியில்லை. தொற்று இருப்பது தெரியாமல் மாத்திரையைத் தொடங்குவதும் தொடர்வதுமே பெரிய ஆபத்து. மூன்று மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனையை வலியுறுத்துவதும் அதனால்தான். இதனோடு சிறுநீரகச் செயல்பாட்டை அறியக் கிரியேட்டினின் அளவும், ஹெபடைட்டிஸ் பி தொற்று உண்டா என்பதும் பார்க்கப்படும்.

அவள் ஒரு திங்கட்கிழமை இரவு முதல் மாத்திரையை விழுங்குகிறாள். உணவோடு எடுத்தாலும் வெறும் வயிற்றில் எடுத்தாலும் வேறுபாடில்லை. முதல் சில வாரங்களில் குமட்டலோ தலைவலியோ சிலருக்கு வந்து தானே அடங்கும். முதல் ஏழு இரவுகள் ஆணுறை இன்றி உறவு வேண்டாம் என்பதில் மேலே சொன்ன இரு நிறுவனங்களின் வழிகாட்டல்களும் ஒன்றுபடுகின்றன. எட்டாம் நாளிலிருந்து 21-ஆம் நாள்வரை என்ன செய்வது என்பதில்தான் வேறுபாடு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அவள் ஏற்கெனவே பாதுகாப்புக்குள் வந்துவிட்டாள். ஆனால் சிகிச்சையை அப்போதுதான் தொடங்கிய கணவனின் இரத்தத்தில் வைரஸ் இன்னும் மிகுந்திருக்கும் என்பதால், அவளைப் பொறுத்தவரை 21 நாள்வரை ஆணுறையைத் தொடர்வதே அறிவுடைமை. 7-ஐயும் 21-ஐயும் இவ்வாறு எதிரே நிற்கும் ஆபத்தின் அளவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எந்த எண் சரி என்று பொதுவாகக் கேட்பதற்குப் பொருளில்லை.

ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் இரவு மறந்து, மறுநாள் காலையில் நினைவுக்கு வருகிறது என்றால், அப்போதே ஒன்றை எடுத்து, இரவில் வழக்கம்போல் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் இரவில்தான் நினைவு வந்ததென்றால் அன்றைக்குரிய ஒன்று போதும், விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டாக விழுங்க வேண்டியதில்லை. ஒரு நாள் இடைவெளியில் உயிரணுக்களுக்குள் உள்ள டெனோபோவிர் எட்டில் ஒரு பங்கு அளவுக்கே குறையும். இதே மறதி முதல் வாரத்தில் நேர்ந்திருந்தால் கதை வேறு, இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் வளைகோடு அதனால் பின்தங்கிவிடும். ஆகவே விட்டுப்போன நாள்களை அவளுக்குரிய 21 நாள் கணக்கோடு கூட்டிக்கொண்டுதான் ஆணுறையைக் கைவிடும் நாளைத் தீர்மானிக்க வேண்டும்.

அதே ஐந்தாம் வாரத்தின் முடிவில் அவள் உறவினர் வீட்டு இறப்புக்கு மாத்திரையை எடுக்காமல் ஊருக்குப் போய்விட்டு, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவுகளை விட்டுவிடுகிறாள் என்றும், ஞாயிறு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பியபின் ஆணுறையின்றி உறவு நேர்ந்தது என்றும் கொள்வோம். அதற்கு முந்தைய ஏழு இரவுகளில் அவள் எடுத்தவை திங்கள் முதல் வியாழன் வரையிலான நான்கு மாத்திரைகள். ஆசனவாய்வழி உறவு மட்டுமே உள்ள ஓர் ஆணுக்கு இந்த நான்கு, போதுமான கணக்கு. அவளுக்கோ ஆறு என்ற கடுமையான எல்லையின்படி பற்றாக்குறை. தொகுப்பாய்வு வாரம் நான்கு மாத்திரையை ஓரளவு போதுமென்று காட்டினாலும், அதிலுள்ள எண்ணிக்கை மாதக்கணக்கில் பரவலாக எடுத்தவர்களின் சராசரி. தொடர்ந்து மூன்று நாள் விட்டு, அந்த இடைவெளியின் கடைசியில் உறவு நேர்ந்த நிலையை அது அளக்கவில்லை. டெனோபோவிர் அந்நேரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். உயிரணுவுக்குள் அரை ஆயுள் 39 மணி நேரமே உள்ள எம்ட்ரிசிடபைன், முன்பிருந்ததில் நான்கில் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்கு இறங்கியிருக்கும்.

இந்நிலையில் தடுப்பு மாத்திரையை அன்றே மீண்டும் தொடங்கினால் மட்டும் போதாது. தொற்று நேர்ந்திருக்கக்கூடிய சூழலுக்குப் பிந்தைய சிகிச்சை தேவையா என்று அவள் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். 72 மணி நேரத்திற்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகத் தொடங்கி, இதே இரு மருந்துகளோடு மூன்றாவதாக டோலுடெகிரேவிர் போன்ற ஒன்றையும் சேர்த்து 28 நாள் எடுப்பது அச்சிகிச்சை. அவளுடைய கெடு புதன் இரவு பத்து மணியோடு முடிகிறது. மருத்துவர் அவளிடம் கேட்கும் மற்றொரு கேள்வி கணவனைப் பற்றியது. சிகிச்சை தொடங்கி ஐந்து வாரமே ஆன அவனிடம் வைரஸ் அளவு இன்னும் அளக்கப்படாமல் இருந்தால் பிந்தைய சிகிச்சைக்கான காரணம் வலுக்கும். இதே மூன்று நாள் இடைவெளி எட்டாம் மாதத்தில், வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200-க்குக் கீழ் நிலைத்து ஆறு மாதம் ஆனபின் நேர்ந்திருந்தால், கவலைப்பட ஒன்றுமே இராது. அந்நிலையில் உள்ளவரிடமிருந்து பாலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை. விட்டுப்போன மாத்திரையின் பொருள் மாத்திரைப் பெட்டிக்குள் மட்டும் எழுதப்பட்டிருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இந்த மதிப்பீடு முழுவதும் அவள் சொல்லும் மூன்று விவரங்களைச் சார்ந்திருக்கிறது: கடைசி மாத்திரை எந்த இரவு, உறவு எந்த இரவு, எவ்வழி. கண்டிப்புக்கு அஞ்சி ‘ஒன்றும் விடவில்லை’ என்று அவள் சொல்லிவிட்டால், 72 மணி நேரக் கெடு யாருக்கும் தெரியாமலே கடந்துபோகும். உலர் இரத்தத் துளியில் சிவப்பணுக்களுக்குள் உள்ள டெனோபோவிரை அளக்கும் பரிசோதனை உண்டு என்றாலும், அங்கே அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 17 நாள் என்பதால், கடந்த சில வாரங்களின் சராசரியைத்தான் அது காட்டும், கடந்த மூன்று இரவுகளைக் காட்டாது. எனவே கருவிகள் எவ்வளவு நுட்பமானாலும், இந்தக் கெடுவைக் காப்பாற்றுவது மையத்து ஊழியர் கேட்கும் தொனிதான். தமிழ்நாட்டில் நம்பிக்கை மையங்கள் என்று அறியப்படும் பரிசோதனை மையங்களின் ஆலோசகர்களுக்கும் இது புதிய செய்தியாக இராது, கூட்டு மருந்து சிகிச்சையில் இருப்போரிடம் மாத்திரைக் கணக்குக் கேட்டுக் கேட்டு அவர்கள் கற்ற பாடமும் இதுவே.

மாத்திரையை நாள்தோறும் எடுப்பதில் உள்ள இடரைத் தவிர்க்க, ஆண்டுக்கு இருமுறை போடும் லெனாகேபவிர் ஊசி இப்போது வந்திருக்கிறது. 2024-இல் வெளியான ஆய்வில் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் ஊசி பெற்ற 2,134 இளம் பெண்களில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. அதே ஆய்வில் மாத்திரை பெற்ற குழுக்களில் தொற்றுகள் ஏற்பட்டன, அப்பெண்களில் பலரிடம் மருந்தளவு மிகக் குறைவாக இருந்தது. வாய்ஸ் ஆய்வுக்குப் பின் இத்தனை ஆண்டு கடந்தும் மாறாத இந்நிலைக்காக மாத்திரையைக் கைவிட வேண்டியதில்லை. விலையிலும் கிடைக்கும் எளிமையிலும் அது இன்னும் முன்னிற்கிறது. இந்திய நிறுவனங்கள் அதைப் பொதுப்பெயர் மருந்தாகத் தயாரிக்கின்றன, நிறுத்த வேண்டுமென்றால் மறுவாரமே நிறுத்திவிடவும் முடிகிறது.

நிறுத்துவதற்கும் ஒரு கணக்கு உண்டு என்பது தொடங்குவதன் கணக்கைவிடக் குறைவாகவே சொல்லப்படுகிறது. உறவின்போது உடலுக்குள் வந்த வைரஸ் உயிரணுக்களுக்குள் நுழைய எடுத்துக்கொள்ளும் நாள்களிலும் மருந்து இருந்தாக வேண்டும் என்பதால், உலக சுகாதார நிறுவனம் கடைசி உறவுக்குப்பின் பெண்கள் ஏழு நாளும், முன்னர்ச் சொன்ன பிரிவைச் சேர்ந்த ஆண்கள் இரண்டு நாளும் மாத்திரையைத் தொடரச் சொல்கிறது. தீக்காவின் பெண் தன் கணவனின் வைரஸ் அடங்கியது உறுதியான பிறகு நிறுத்துகிறாள் என்பதால் இந்தக் கெடு அவளை நெருக்குவதில்லை. ஆனால் அவளுடைய முதல் நாள் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி தொற்று தெரியவந்திருந்தால் அவளாகவே நிறுத்திவிடக் கூடாது. இந்த இரு மருந்துகளும் அந்த வைரஸையும் அடக்கிவைத்திருப்பவை, அவை திடீரென விலகினால் கல்லீரல் அழற்சி வெடித்துக் கிளம்பக்கூடும். அவள் மருத்துவரிடம் சொல்லி, கல்லீரல் நொதிகளின் அளவைச் சில மாதங்கள் தொடர்ந்து பார்த்துவர ஏற்பாடு செய்தபின்பே கடைசி மாத்திரையை எடுக்க வேண்டும்.